திங்கட்கிழமை கேப் நிரம்பும் என்று நம்பி நிஃப்டி ஃபியூச்சர்ஸில் இறங்குவதற்கு முன்

2025 ஏப்ரல் 7, திங்கட்கிழமை. நிஃப்டி வெள்ளிக்கிழமை 22,904-இல் முடிந்திருந்தது. அன்று காலை 21,758-இல் திறந்தது. இடையில் விடுபட்ட இந்தத் தூரம்தான் கேப். "கேப் விழுந்தால் நிரம்பியே தீரும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அன்று ஒரு லாட் வாங்கினார். ஏப்ரல் 11-ஆம் தேதி நிஃப்டி 22,923 வரை ஏறியது. கேப் நிரம்பிவிட்டது. நான் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆற்றாமைதான் அடுத்த மாதம் என்னைக் கவிழ்த்தது. மே 12, இன்னொரு திங்கட்கிழமை, நிஃப்டி 412 புள்ளிகள் மேலே திறந்தபோது, கீழே வந்து நிரப்பும் என்று நம்பி ஒரு லாட் ஷார்ட் செய்தேன், அதாவது பிறகு மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்று முதலில் விற்றேன். மறுநாள் காலையிலேயே முப்பதாயிரத்துக்கு மேல் இழந்து வெளியேறினேன்.

அதன் பிறகு மூன்று மாதம் உட்கார்ந்து பழைய விலைகளைத் தோண்டிப் பார்த்தேன். முதல் பணத்தைப் போடும் முன் நான் செய்திருக்க வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். நிஃப்டி ஃபியூச்சர்ஸை வைத்தே எழுதுகிறேன், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் தொடங்குவது அங்கேதான். விலைகள் எல்லாம் நிஃப்டி 50 குறியீட்டின் விலைகள். ஃபியூச்சர்ஸ் விலை அதிலிருந்து சில பத்துப் புள்ளிகள் தள்ளியிருக்கும்.

1. எது கேப், எது நிரம்புவது, எத்தனை நாளுக்குள்: மூன்றையும் எழுதிவையுங்கள்

வெள்ளி மாலை 3.30-க்குச் சந்தை மூடுகிறது. திங்கள் காலை 9.15-க்குத் திறக்கிறது. இடையில் உலகில் நடந்தவை எல்லாம் சேர்ந்து, திங்கள் விலை வெள்ளி விலையை விட்டுத் தள்ளித் திறந்தால் சார்ட்டில் ஒரு வெற்றிடம் தெரியும். அதுதான் கேப். பிறகு என்றாவது விலை அந்த வெற்றிடத்தைக் கடந்து வெள்ளிக்கிழமை விலையைத் தொட்டால் "நிரம்பியது" என்கிறோம்.

இதில் இரண்டு இடங்களில் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. முதலாவது, எந்த வெள்ளி விலை? சிலர் முடிவு விலையைத் தொட வேண்டும் என்பார்கள். சிலர் வெள்ளியின் உச்ச விலையைத் தொட்டாலே போதும் என்பார்கள். மே 9 வெள்ளியன்று நிஃப்டியின் உச்சம் 24,164, முடிவு 24,008. இரண்டுக்கும் இடையே 156 புள்ளிகள். முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டு, பிறகு விலை எங்கே நின்றதோ அதற்கு ஏற்ப அளவுகோலை மாற்றிக்கொள்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் முடிவு விலையையே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவதுதான் பெரியது: எத்தனை நாளுக்குள்? "என்றாவது ஒரு நாள் நிரம்பும்" என்ற சொல்லை யாராலும் பொய்யாக்க முடியாது. நிரம்பாத கேப்பைக் காட்டினால், "இன்னும் காலம் இருக்கிறது" என்று பதில் வரும். ஆனால் உங்கள் ஒப்பந்தத்துக்குக் காலம் இல்லை. மாதக் கடைசியில் அது முடிந்துவிடும். ஆகவே கெடு இல்லாத நம்பிக்கை உங்களுக்குப் பயன்படாது. நான் ஐந்து வர்த்தக நாட்கள் என்று வைத்திருக்கிறேன். நீங்கள் பத்து என்று வைத்தாலும் சரி. வைத்த பிறகு மாற்றாதீர்கள்.

கெடு இல்லாவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2009 மே 15, வெள்ளியன்று நிஃப்டி 3,671-இல் முடிந்தது. மறுநாள் சனிக்கிழமை மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்தன. திங்கள் சந்தை திறந்த உடனே மேல் எல்லையை முட்டி வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மீண்டும் திறந்தபோதும் அதே கதை. அன்றைய முடிவு 4,323. அந்த ஜூலையில் நிஃப்டி 3,918 வரை இறங்கியது. 3,671-ஐ அதன் பிறகு தொடவே இல்லை. அன்று ஷார்ட் வைத்திருந்தவர்களால் நடுவில் வெளியேறக்கூட முடியவில்லை.

2. நீங்கள் பார்க்கும் சார்ட் உண்மையான கேப்பைத்தான் காட்டுகிறதா?

ஃபியூச்சர்ஸ் சார்ட்டில் இரண்டு வகைப் போலிக் கேப்கள் உண்டு.

ஒன்று, தொடர் சார்ட். `NIFTY1!` போன்ற குறியீட்டைத் தட்டினால் வருவது ஒரே ஒப்பந்தத்தின் சார்ட் அல்ல. ஒரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த மாத ஒப்பந்தத்தின் விலையை அதன் அருகே ஒட்டிக் காட்டுகிறார்கள். அடுத்த மாத விலை பெரும்பாலும் சற்று மேலே இருக்கும் என்பதால், ஒட்டிய இடத்தில் ஒரு கேப் போலத் தெரியும். சந்தையில் எதுவும் நடக்கவில்லை. காகிதம் மட்டும் மாறியிருக்கிறது. ஒப்பந்தம் முடியும் நாளான எக்ஸ்பயரி வியாழனாக இருந்தபோது இது வெள்ளிக்கிழமைகளில் தெரிந்தது. 2025 செப்டம்பர் முதல் எக்ஸ்பயரி செவ்வாய்க்கு மாறியதால் இப்போது புதனன்று தெரிகிறது. வார இறுதிக் கேப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இவற்றையும் எண்ணிக்கையில் சேர்த்துவிடாதீர்கள்.

இரண்டாவது, நேரம். குஜராத்தில் உள்ள கிஃப்ட் சிட்டியில் நடக்கும் கிஃப்ட் நிஃப்டி, நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி 2.45 வரை நடக்கிறது, காலை 6.30-க்கே திறந்துவிடுகிறது. 2025 ஏப்ரல் 4 வெள்ளியன்று நம் சந்தை மூடிய பிறகுதான் அமெரிக்கச் சந்தை அந்த நாளில் மட்டும் 6 சதவீத அளவுக்கு விழுந்தது. ஆக, திங்கள் காலை நம் சார்ட்டில் தெரிந்த வெற்றிடத்தின் ஒரு பகுதி வெள்ளி இரவிலேயே கிஃப்ட் நிஃப்டியில் வர்த்தகமாகி முடிந்த விலைகள். அந்த விலைகளில் வாங்கியவரும் இருக்கிறார், விற்றவரும் இருக்கிறார். "யாரும் வர்த்தகம் செய்யாத வெற்றிடம் விலையை இழுக்கும்" என்ற விளக்கம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

3. பழைய விலைகளை இறக்கி, உங்கள் கையாலேயே எண்ணுங்கள்

இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் நிஃப்டி 50-இன் பழைய விலைகளைத் தேதிவாரியாக இறக்கிக்கொள்ளலாம். 2011-இலிருந்து எடுங்கள். காலை முன்திறப்பு அமர்வு 2010 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு முன்பு, பங்குகள் ஒவ்வொன்றாக வர்த்தகமாகத் தொடங்கும் முதல் நொடியில் குறியீடு பழைய விலையை ஒட்டியே கணக்கிடப்பட்டது. அதனால் பழைய தரவில் "திறப்பு விலை" கேப்பைக் காட்டாமல் மறைத்துவிடும்.

பழைய தேதி மேலே இருக்கும்படி அடுக்கி, A முதல் E வரை தேதி, திறப்பு, உச்சம், தாழ்வு, முடிவு என்று வையுங்கள். மூன்றாம் வரிசையில் F, G ஆகிய இரண்டு கட்டங்களில் இவற்றை இட்டுக் கீழே இழுங்கள்:

```
F3: =IF(A3-A2>=3, B3-E2, "")
G3: =IF(F3="","",IF(F3>0, MATCH(TRUE,INDEX(D3:D7<=E2,0),0), MATCH(TRUE,INDEX(C3:C7>=E2,0),0)))
```

F என்பது கேப்பின் அளவு. G என்பது எத்தனையாவது நாளில் நிரம்பியது. `#N/A` வந்தால் ஐந்து நாளுக்குள் நிரம்பவில்லை என்று பொருள். ஏப்ரல் 7 வரிசையில் 4 வர வேண்டும். வந்தால் உங்கள் தாள் சரியாக இருக்கிறது.

எண்ணி முடித்ததும் உங்களுக்கும் முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும், ஏனென்றால் நிறைய கேப்கள் நிரம்பியிருக்கும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். நிரம்பியவற்றின் அளவைப் பாருங்கள். நிஃப்டி ஒரே நாளில் 150, 200 புள்ளிகள் மேலும் கீழும் நடப்பது சாதாரணம். 30 புள்ளிக் கேப் அந்த நடையிலேயே மூடிப்போகும். அதற்கு எந்தச் சிறப்பு விதியும் தேவையில்லை. எல்லோரும் "நிரம்பும், நிரம்பும்" என்று சொல்லக் காரணம் இந்தச் சின்னக் கேப்கள்தான். ஆனால் பணம் போடத் தூண்டுவது 400 புள்ளிக் கேப்கள். சின்னதில் கிடைத்த நம்பிக்கையைப் பெரியதில் செலவழிக்கிறோம்.

அடுத்து நான் செய்ததைத்தான் நீங்கள் தவறாமல் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு கேப்புக்கும் எதிர்ப்பக்கத்தில், அதே தூரத்தில் ஒரு விலையைக் குறியுங்கள். விலை 412 புள்ளிகள் மேலே திறந்தால் நிரப்பும் விலை 412 கீழே. எதிர் விலை திறப்பிலிருந்து 412 மேலே. தாளில் அது `B3+F3`. ஐந்து நாளுக்குள் எது தொடப்பட்டது என்று இரண்டையும் எண்ணுங்கள். கேப்புக்கு உண்மையிலேயே இழுக்கும் சக்தி இருந்தால், நிரப்பும் விலை எதிர் விலையைவிடத் தெளிவாக அதிக முறை தொடப்பட்டிருக்க வேண்டும்.

2025 ஏப்ரல், மே மாதங்களில் ஆறு வாரத்துக்குள் மூன்று பெரிய கேப்கள் வந்தன. ஏப்ரல் 7-ஐச் சொல்லிவிட்டேன்: நான்காம் நாள் நிரம்பியது, எதிர் விலை தொடப்படவில்லை. ஏப்ரல் 14 திங்கள் விடுமுறை, நமக்குச் சித்திரை முதல் நாள். மூன்று நாள் இடைவெளிக்குப் பிறகு செவ்வாயன்று நிஃப்டி 540 புள்ளிகள் மேலே, 23,368-இல் திறந்தது. நிரப்பும் விலை 22,828; எதிர் விலை 23,908. நான்காம் வர்த்தக நாளான ஏப்ரல் 21-இல் எதிர் விலைதான் தொடப்பட்டது. மே 12-இல் நிரப்பும் விலை 24,008. எதிர் விலை 24,832. எதிர் விலை அன்றே தொடப்பட்டது. இந்த இரண்டு கேப்களும் 2025 டிசம்பர் முடியும் வரை நிரம்பவில்லை. மூன்றை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் உங்களை 2011-இலிருந்து எண்ணச் சொல்கிறேன்.

4. கேப்பை உண்டாக்கிய செய்தி திரும்பப் பெறக்கூடியதா என்று பாருங்கள்

ஏப்ரல் 7 கேப் ஏன் நிரம்பியது? அதை உண்டாக்கியது அமெரிக்காவின் புதிய இறக்குமதி வரியும், சீனா பதிலுக்கு அறிவித்த 34 சதவீத வரியும். ஏப்ரல் 9 அன்று அமெரிக்க அதிபர் சீனா நீங்கலாகப் பெரும்பாலான நாடுகளுக்கான கூடுதல் வரியை 90 நாட்களுக்கு நிறுத்திவைத்தார். 10-ஆம் தேதி நமக்கு விடுமுறை. 11-ஆம் தேதி கேப் நிரம்பியது. விலையை இறக்கிய காரணம் பாதி கழன்றது, விலை ஏறியது. வெற்றிடம் விலையை இழுக்கவில்லை.

மே 12 கேப்பை உண்டாக்கியது சனிக்கிழமை மாலை அறிவிக்கப்பட்ட இந்தியா–பாகிஸ்தான் போர்நிறுத்தம். அது நிலைத்தது. அன்று பகலிலேயே அமெரிக்காவும் சீனாவும் வரியைக் குறைப்பதாகக் கூட்டறிக்கை வெளியிட்டன. விலை இன்னும் ஏறியது. வெள்ளிக்கிழமை விலை போர் நடந்துகொண்டிருந்த நாளின் விலை. அந்த விலைக்குத் திரும்ப வேண்டுமானால் அந்தச் சூழல் திரும்ப வேண்டும். நான் ஷார்ட் செய்தபோது என்னை அறியாமல் அதற்குத்தான் பந்தயம் கட்டியிருந்தேன். இது புரிந்த அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. 2009-இலும் இதே நிலைதான். எண்ணி முடித்த வாக்குகளை யார் திரும்ப எண்ணப் போகிறார்கள்?

இதை முன்கணிப்பு முறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 90 நாள் நிறுத்தம் வரும் என்று ஏப்ரல் 7 காலை யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு தாளில் "இந்தக் கேப் நிரம்ப வேண்டுமானால் என்ன நடக்க வேண்டும்?" என்று எழுதிப் பாருங்கள். ஒரு வரி கூட எழுத வரவில்லையென்றால், உங்களிடம் இருப்பது சார்ட்டில் உள்ள வெற்றிடம் மட்டும்தான்.

5. காத்திருக்க எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

"கடைசியில் நிரம்பினால் சரி, அதுவரை பொறுக்கலாம்" என்பது ஃபியூச்சர்ஸில் நடக்காது. காரணம், நஷ்டத்தை ஒவ்வொரு நாள் மாலையும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். எம்டிஎம் என்று புரோக்கர்கள் சொல்வது இதைத்தான்.

என் மே 12 வர்த்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு லாட் 75. (2026 ஜனவரி ஒப்பந்தங்களிலிருந்து 65.) 24,420-இல் ஒரு லாட்டின் மதிப்பு 18 லட்சத்து 31 ஆயிரம் ரூபாய். அதற்கு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கைப் பிணைத்தொகையாக, அதாவது மார்ஜினாகக் கேட்பார்கள். சந்தை கொந்தளிக்கும்போது அந்த விகிதம் ஏறும். அன்று நிஃப்டி 24,924-இல் முடிந்தது. 504.6 புள்ளி, 75-ஆல் பெருக்கினால் 37,845 ரூபாய். அந்தப் பணம் என் கணக்கிலிருந்து அன்றே போனது. மார்ஜினுக்கு மேல் நான் வைத்திருந்தது வெறும் 20,000. மறுநாள் காலை 24,864-இல் சந்தை திறந்ததும் வெளியேற வேண்டியதாயிற்று. அன்று மாலை நிஃப்டி 24,578 வரை இறங்கியது. பணம் இருந்தவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பணம் இருந்து காத்திருந்தால்? மே ஒப்பந்தம் 29-ஆம் தேதி முடிந்தது; நிஃப்டி 24,833. நஷ்டம் 31,000. ஜூனுக்கு மாற்றியிருந்தால் ஜூன் 26 எக்ஸ்பயரியில் நிஃப்டி 25,549, நஷ்டம் 84,667. முடிவு விலையில் பார்த்தால், ஆகஸ்ட் 8-இல்தான் நிஃப்டி 24,363-க்கு, அதாவது நான் விற்ற விலைக்குச் சற்றே கீழே, திரும்பி வந்தது. மூன்று மாதம் மார்ஜினை முடக்கி, உச்சத்தில் 85,000 ரூபாயைத் தாண்டிய நஷ்டத்தைச் சுமந்து, கையில் மிஞ்சுவது நாலாயிரம் சொச்சம். நிரப்பும் விலையான 24,008 அப்போதும் 300 புள்ளிகளுக்கு மேல் கீழே இருந்தது.

ஒவ்வொரு முறை அடுத்த மாதத்துக்கு மாற்றும்போதும் ஒன்றை வாங்கி, ஒன்றை விற்கிறீர்கள். விற்பனைக்கு அப்போது பங்குப் பரிவர்த்தனை வரி 0.02 சதவீதம், ஒரு லாட்டுக்கு 366 ரூபாய். புரோக்கர் கட்டணம், சந்தைக் கட்டணம், ஜிஎஸ்டி தனி. விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால், உங்கள் கடைசி ஒப்பந்தக் குறிப்பில் உள்ளதை வைத்தே கணக்குப் போடுங்கள். அடுத்த மாத விலை பொதுவாக மேலே இருப்பதால் ஷார்ட் வைத்திருப்பவருக்கு மாற்றும்போது சிறிது லாபம் உண்டு. வாங்கி வைத்திருப்பவருக்கு அதுவே செலவு.

6. ஸ்டாப் லாஸ் வார இறுதியில் காப்பாற்றாது

மே 9 வெள்ளியன்று ஷார்ட் வைத்து, விலை 24,150-ஐத் தொட்டால் தானாக வெளியேறும்படி திங்களுக்கு ஸ்டாப் லாஸ் போட்டிருந்தால், திங்கள் காலை 24,150 என்ற விலையே வரவில்லை. சந்தை விலை வகை ஆர்டராக இருந்தால் 24,420 அருகே நிறைவேறும். வரம்பு விலை வகையாக இருந்து, வரம்பை 24,170 என்று வைத்திருந்தால் நிறைவேறாமலே தொங்கும். நஷ்டம் வளர்ந்துகொண்டே போகும். வார இறுதியைத் தாண்டி வைக்கும் எந்த நிலைக்கும், கூடவே ஓர் ஆப்ஷன் வாங்கி வைப்பது மட்டும்தான் தாண்டிக் குதிக்கும் விலைக்கு எதிரான உறுதியான எல்லை. அதன் விலையை முன்கூட்டியே கட்டிவிடுகிறோம். ஃபியூச்சர்ஸ் நஷ்டம் ஆப்ஷனில் குறித்த விலை வரைக்கும்தான், அதற்கு மேல் போகாது.

7. ஆவணங்களும் அவற்றுக்கான நேரமும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபியூச்சர்ஸ் பிரிவைத் திறக்கப் புரோக்கர் வருமான ஆதாரம் கேட்பார். ஆறு மாத வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்கின் ஒப்புகை, படிவம் 16, சம்பளச் சீட்டு, டீமேட் இருப்பு அறிக்கை ஆகியவற்றில் ஒன்று போதும். வங்கி அறிக்கையில் பெயரும் கணக்கு எண்ணும் தெளிவாக இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். எனக்கு அப்படி இரண்டு முறை நடந்தது. கேப் விழுந்த அன்று காலை அவசரமாக விண்ணப்பிக்காதீர்கள்.

வர்த்தகம் செய்த நாளின் ஒப்பந்தக் குறிப்பு 24 மணி நேரத்துக்குள் மின்னஞ்சலில் வரும். அதை அழிக்காமல் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஃபியூச்சர்ஸ் லாப நஷ்டம் வருமான வரியில் தொழில் வருமானமாகக் கருதப்படும். சம்பளக்காரராக இருந்தாலும் ஐடிஆர்-3 தாக்கல் செய்ய வேண்டும். நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். என் மே மாத நஷ்டத்தை அடுத்த லாபத்தில் கழித்துக்கொள்ள முடிவது அந்த இரண்டு ஒப்பந்தக் குறிப்புகளும் என்னிடம் இருப்பதால்தான்.